காற்புள்ளிக்குப் பின் வரும் ‘விச்’ எதைச் சுட்டுகிறது?

“அலுவலகத்துக்கான ஆங்கில அறிக்கையில் ‘தி பம்ப் ஸ்டாப்ட் டியூரிங் தி செகண்ட் டெஸ்ட், விச் டிலேய்ட் தி ரிப்போர்ட்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் அந்த ‘விச்’சை மட்டும் வட்டமிட்டு, பக்கத்தில் ‘எது?’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். காற்புள்ளி போட்டால் அது முன்னால் சொன்ன விஷயம் முழுவதையும் குறிக்கும் என்றுதானே படித்தோம்? என் இலக்கணம் தவறா, அவருடைய கேள்வி தவறா?”

உங்கள் இலக்கணத்தில் தவறில்லை. அவருடைய கேள்வியிலும் தவறில்லை. பள்ளியில் படித்ததாகச் சொல்கிறீர்களே, அந்த விதியில்தான் பாதி விடுபட்டிருக்கிறது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். படிக்கும்போது காற்புள்ளி எங்கே விழுகிறது, அதற்கு ஒட்டி முன்னால் என்ன சொல் நிற்கிறது என்ற இரண்டை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் விதியின் சரியான பாதி. ‘ஹி கேம் லேட், விச் அனாய்ட் மீ’ என்று ஒருவர் எழுதினால், எரிச்சலூட்டியது அவனும் அல்ல, வேறு எந்தப் பொருளும் அல்ல. அவன் தாமதமாக வந்த செயல். ஒரு முழு வாக்கியத்தையே ‘விச்’ தூக்கிக்கொள்கிறது. இது இன்று நேற்று முளைத்த வழக்கமல்ல. ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் இதற்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறது: ‘சென்டென்ஷியல் ரெலட்டிவ் கிளாஸ்’. ஒரு பெயர்ச்சொல்லைத் தொடராமல் வாக்கியத்தைத் தொடர்ந்து வரும் கிளை என்று பொருள் கொள்ளலாம். ‘விச்’சுக்கு முன்னால் ஒரு பெயர்ச்சொல் இருந்தே ஆக வேண்டும் என்று சில ஆசிரியர்கள் இன்றும் சிவப்பு மையால் அடிக்கிறார்கள். அந்தத் தடைக்கு ஆங்கிலத்தின் நடப்பில் ஆதாரம் இல்லை. உங்கள் மேலாளர் அப்படி அடித்திருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். அவர் அடிக்கவில்லை, ‘எது?’ என்று கேட்டிருக்கிறார். அது வேறு கேள்வி.

இந்த வகைக்குக் காற்புள்ளி கட்டாயம் என்பதும் உண்மைதான். காற்புள்ளியை எடுத்துவிட்டால் ‘விச்’ தனக்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு, பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டும் வேலைக்குப் போய்விடும். ‘ஹி சோல்ட் தி ஷேர்ஸ் விச் அப்செட் ஹிஸ் வைஃப்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், அவனிடம் பலவகைப் பங்குகள் இருந்தன, அவற்றில் மனைவிக்கு வருத்தம் தந்தவற்றை மட்டும் விற்றான் என்று ஆகிறது. மனைவிக்காக விற்றான் என்று கூட ஒருவர் நினைத்துக்கொள்ளலாம். ‘ஷேர்ஸ்’ என்பதற்குப் பிறகு காற்புள்ளி வைத்தால், விற்றதால் அவள் வருந்தினாள் என்ற பொருளுக்கு வழி திறக்கிறது. கணினியின் இலக்கணத் திருத்தியும் இதைத்தான் பார்க்கிறது. ‘விச்’சுக்கு முன்னால் காற்புள்ளி இல்லையென்றால் கோடு போடும். வைத்துவிட்டால் கோடு மறைந்துவிடும், நாமும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நகர்ந்துவிடுகிறோம்.

வழி திறக்கிறது என்றுதான் சொன்னேன், வேறு வழி மூடுகிறது என்று சொல்லவில்லை. விடுபட்ட பாதி இதுதான். காற்புள்ளி போட்ட ‘விச்’ ஒரு தனிப் பெயர்ச்சொல்லையும் சுட்டலாம். ‘ஐ மிஸ்ட் தி மார்னிங் டிரெயின், விச் லெஃப்ட் அட் சிக்ஸ்’ என்ற வாக்கியத்தில் காற்புள்ளி இருக்கிறது. ஆனால் ஆறு மணிக்குப் புறப்பட்டது ரயில், நான் தவறவிட்ட செயல் அல்ல. அதே இடத்தில் ‘விச் மென்ட் எ லாங் வெயிட்’ என்று முடித்திருந்தால், நெடுநேரம் காத்திருக்க வைத்தது ரயிலைத் தவறவிட்டது. இரண்டிலும் காற்புள்ளி ஒரே இடத்தில், ஒரே மாதிரி. பின்னால் வருவது கூடுதல் செய்தி, தனியாக வெட்டி வைத்திருக்கிறேன் என்பது மட்டுமே அந்தப் புள்ளி சொல்லும் சேதி. அந்தக் கூடுதல் செய்தி எதைப் பற்றியது என்று அது சொல்வதில்லை.

அப்படியானால் வாசகர் எதை வைத்து முடிவு செய்கிறார்? பெரும்பாலும் ‘விச்’சுக்குப் பின்னால் வரும் பயனிலையை வைத்துத்தான். ஆறு மணிக்குப் புறப்படுவது ரயிலால் முடியும். தவறவிட்ட செயலால் முடியாது. ஆகவே சந்தேகமே எழவில்லை. ‘விச் மீன்ஸ் தட்’, ‘விச் இஸ் ஒய்’ என்று தொடங்கினால் அவை பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியையோ நிலைமையையோதான் ஏற்கும். பெயர்ச்சொல் பக்கத்திலேயே நின்றாலும் வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். தொல்லை கொடுப்பவை நடுவில் நிற்கும் வினைகள்: ‘டிலே’, ‘சர்ப்ரைஸ்’, ‘அப்செட்’, ‘காஸ்’, ‘ஹெல்ப்’. ஒரு பொருளும் தாமதப்படுத்தலாம், ஒரு நிகழ்ச்சியும் தாமதப்படுத்தலாம். ஒரு கடிதமும் வியப்பூட்டலாம், கடிதம் வந்ததும் வியப்பூட்டலாம். இந்த வினைகள் வரும்போது வாசகருக்குப் பயனிலை உதவுவதில்லை. அப்போது அவர் கண் காற்புள்ளிக்கு ஒட்டி முன்னால் நிற்கும் சொல்லுக்குப் போகிறது. அங்கே ஒரு பெயர்ச்சொல் நின்றால், ‘விச்’ அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வாருங்கள். காற்புள்ளிக்கு முன்னால் நிற்பது ‘தி செகண்ட் டெஸ்ட்’. பின்னால் வரும் வினை ‘டிலேய்ட்’. அறிக்கையைத் தாமதப்படுத்தியது பம்ப் நின்றுபோனதா, இரண்டாவது சோதனையா? இரண்டும் நடக்கக்கூடியவை. ஒரு சோதனை போதாதென்று இரண்டாவதும் நடத்தினால் நாள் ஆகத்தானே செய்யும்? நீங்கள் பம்ப் அறைக்குள் நின்று பார்த்தவர். எது காரணம் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பதால் இன்னொரு பொருள் உங்கள் கண்ணில் படவே இல்லை. மேலாளர் தாளை மட்டும் பார்க்கிறார். அவருக்கு இது இலக்கண ஐயமாகத் தோன்றியிருக்காது. பொறுப்பு யாருடையது என்ற ஐயமாகத் தோன்றியிருக்கும். பம்ப் நின்றதுதான் காரணம் என்றால் பராமரிப்புப் பிரிவைக் கேட்க வேண்டும். இரண்டாவது சோதனை காரணம் என்றால் அதை நடத்தச் சொன்னவரைக் கேட்க வேண்டும். ஒரே வாக்கியம் இரண்டு பேரை நோக்கி விரல் நீட்டுகிறது.

ஆங்கிலம் சில நேரம் இந்த இடத்தில் நமக்கு ஓர் அடையாளம் தருகிறது: ஒருமை, பன்மை. முழு வாக்கியத்தைச் சுட்டும் ‘விச்’ எப்போதும் ஒருமை. ‘ஷி சோல்ட் தி ஹவுசஸ், விச் வாஸ் எ மிஸ்டேக்’ என்றால் வீடுகளை விற்றது தவறு. ‘ஷி சோல்ட் தி ஹவுசஸ், விச் வேர் இன் மதுரை’ என்றால் மதுரையில் இருந்தவை வீடுகள். ‘வாஸ்’, ‘வேர்’ என்ற ஒரே சொல் வேறுபாட்டில் சுட்டு இடம் மாறிவிடுகிறது. ஆனால் இந்த அடையாளம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் கூடி வர வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் பன்மையாக இருக்க வேண்டும். வினையும் ஒருமை, பன்மை காட்டுகிற வினையாக இருக்க வேண்டும். இறந்தகாலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ தவிர மற்ற ஆங்கில வினைகள் எண்ணைக் காட்டுவதில்லை. உங்கள் ‘டெஸ்ட்’ ஒருமை. ‘டிலேய்ட்’ எண்ணைக் காட்டாத வினை. இரண்டு நிபந்தனையும் கைவிட்டுவிட்டன.

தமிழரான நமக்கு இந்த இடம் வழுக்குவதற்கு நம் மொழியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் ‘விச்’ போன்ற சொல்லே கிடையாது. ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பெயரெச்சத்தை அதன் முன்னால் வைக்கிறோம்: ‘அறிக்கையைத் தாமதப்படுத்திய சோதனை’. ஒரு செயல் முழுவதையும் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தச் செயலையே பெயராக்கி எழுவாயாக வைக்கிறோம்: ‘பம்ப் நின்றுபோனது அறிக்கையைத் தாமதப்படுத்தியது’. இரண்டும் வேறு வேறு அமைப்புகள். ஒன்றை மற்றொன்றாக யாரும் படிக்க முடியாது. தமிழில் நாம் எந்த முயற்சியும் இல்லாமல் பிரித்துச் சொல்லிவிடும் இரண்டு பொருள்களை ஆங்கிலம் ஒரே ‘விச்’சுக்குள் போட்டுவிடுகிறது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு, தான் எந்த அமைப்பை நினைத்தோம் என்பது மனத்தில் தெளிவாக இருக்கிறது. தாளில் அது தெரியவில்லை என்பதுதான் அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

இதையே சோதனையாகவும் திருப்பிக்கொள்ளலாம். எனக்கு நெடுநாள் பழக்கம் இது. ‘விச்’ வரும் வாக்கியத்தை எழுதியதும் அதைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை பெயரெச்சம் வைத்து, ஒருமுறை செயலைப் பெயராக்கி. இரண்டில் ஒன்று அபத்தமாக ஒலித்தால் ஆங்கில வாக்கியத்தைத் தொட மாட்டேன். ‘நெடுநேரக் காத்திருப்பைக் குறித்த ரயில்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே ரயில் வாக்கியம் பத்திரம். இரண்டும் நியாயமான தமிழாக ஒலித்தால் ஆங்கில வாக்கியத்தை மாற்றியே ஆக வேண்டும். ‘தாமதப்படுத்திய சோதனை’யும் நல்ல தமிழ், ‘நின்றுபோனது தாமதப்படுத்தியது’ம் நல்ல தமிழ். உங்கள் வாக்கியம் இந்தச் சோதனையில் தோற்கிறது.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஒரு பெருந்தவறு செய்த பிறகு. ஓர் அறக்கட்டளையின் ஆங்கில ஆண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ‘தி டிரஸ்ட் வித்ட்ரூ தி ஆஃபர் ஆஃப் லேண்ட், விச் அப்செட் தி வில்லேஜர்ஸ்’ என்று ஒரு வரி. அறக்கட்டளை ஓர் இடத்தில் நிலம் தருவதாகச் சொல்லியிருந்தது. பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் ‘விச்’சைப் பக்கத்துப் பெயரோடு சேர்த்துவிட்டேன். கிராம மக்களுக்கு மனவருத்தம் தந்த நிலத் திட்டத்தை அறக்கட்டளை கைவிட்டது என்று எழுதினேன். மக்கள் குரலுக்குச் செவிசாய்த்த நல்ல நிறுவனம் என்ற தொனி வந்துவிட்டது. எழுதியவர் சொல்ல வந்ததோ நேர் எதிர்: நிலம் தருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கைவிட்டதால் மக்கள் மனம் நொந்தார்கள். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பைப் பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர், “ஐயா, நாங்கள் நிலம் வேண்டாம் என்று எப்போது சொன்னோம்?” என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. காற்புள்ளி அந்த வரியில் சரியாகவே இருந்தது. ‘அப்செட்’ என்ற வினை இரு பக்கமும் சாயக்கூடியது. ‘ஆஃபர் ஆஃப் லேண்ட்’ என்ற பெயர் காற்புள்ளியை ஒட்டி நின்றது. ஐயம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஐயமே வரவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் மேலாளருக்கு ஐயம் வந்தது, கேட்டுவிட்டார்.

இதில் இன்னும் ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. பெயரா, வாக்கியமா என்பது தீர்ந்த பிறகும், வாக்கியத்தில் எவ்வளவு என்ற கேள்வி மிஞ்சும். ‘ஷி டோல்ட் மீ ஹி ஹேட் ரிசைன்ட், விச் சர்ப்ரைஸ்ட் மீ’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பெயர்ச்சொல்லே இல்லை. இருந்தும் எனக்கு வியப்பு எதனால்? அவன் பதவி விலகியதாலா, அதை அவள் வந்து என்னிடம் சொன்னதாலா? முன்னதில் வியப்பு அவனைப் பற்றியது, பின்னதில் அவளைப் பற்றியது. வாக்கியத்துக்குள் வாக்கியம் அடங்கியிருக்கும்போதெல்லாம், அதாவது சொன்னார், நினைத்தார், எழுதினார், மறுத்தார் போன்ற வினைகளுக்குப் பிறகெல்லாம், இந்த ஐயம் வரும். ‘விச்’சுக்கு உள் வாக்கியத்தையும் பிடிக்கத் தெரியும், வெளி வாக்கியத்தையும் பிடிக்கத் தெரியும்.

எதிர்மறை வந்தால் இன்னும் சிக்கல். ‘ஹி டிட் நாட் ஆன்சர் தி லெட்டர், விச் வாஸ் ரூட்’. கடிதம் அநாகரிகமாக இருந்ததா, அவன் பதில் எழுதாதது அநாகரிகமா? கடிதம்தான் அநாகரிகம் என்றால் அவன் மௌனத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. பதில் எழுதாதது அநாகரிகம் என்றால் அவன்மேல் குற்றம் விழுகிறது. இதோடு சேர்த்து இதையும் பாருங்கள்: ‘ஹி டிட் நாட் அப்பாலஜைஸ், விச் வுட் ஹேவ் பீன் ஈஸி’. இங்கே எளிதாக இருந்திருக்கும் என்று சொல்லப்படுவது மன்னிப்புக் கேட்பது. மன்னிப்புக் கேட்காததை அந்த ‘விச்’ சுட்டவில்லை. ‘நாட்’டை விட்டுவிட்டு வினையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறது. ‘வுட் ஹேவ்’ என்ற நடக்காததைச் சொல்லும் வடிவம் இருப்பதால் வாசகர் தடுமாறாமல் புரிந்துகொள்கிறார். அந்த வடிவம் இல்லாத இடத்தில் எதிர்மறை வாக்கியத்தின் பின்னால் ‘விச்’ போடும்போது நான் இருமுறை யோசிப்பேன்.

இனி உங்கள் வாக்கியத்தைச் சரிசெய்யும் வழி. மூன்று வழிகளைச் சொல்கிறேன். மூன்றும் ஒரே தரமல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது, பலரும் கவனிக்காதது: சொல்லைக் கூட்டாமல் இடத்தை மட்டும் மாற்றுவது. ‘டியூரிங் தி செகண்ட் டெஸ்ட்’ என்ற பகுதியை முன்னால் கொண்டுபோய்விடுங்கள். ‘டியூரிங் தி செகண்ட் டெஸ்ட் தி பம்ப் ஸ்டாப்ட், விச் டிலேய்ட் தி ரிப்போர்ட்’. இப்போது காற்புள்ளிக்கு ஒட்டி முன்னால் நிற்பது வினை: ‘ஸ்டாப்ட்’. ‘விச்’ போய் உட்கார அங்கே பெயர்ச்சொல் எதுவும் இல்லை. வாசகரின் கண் நின்றுபோன செயலில்தான் விழுகிறது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ‘ஹி கேம் லேட், விச் அனாய்ட் மீ’ இவ்வளவு தெளிவாக இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே காற்புள்ளிக்கு முன்னால் பெயரே கிடையாது. சாதாரண அறிக்கைக்கு இந்த மாற்றம் போதும்.

இரண்டாவது, சுட்டுவதற்கு ஒரு பெயரைக் கொடுத்துவிடுவது. ‘தி பம்ப் ஸ்டாப்ட் டியூரிங் தி செகண்ட் டெஸ்ட், எ ஃபெய்லியர் தட் டிலேய்ட் தி ரிப்போர்ட்’. பம்ப் நின்ற செயலுக்கு ‘ஃபெய்லியர்’ என்று பெயர் வைத்துவிட்டீர்கள். சோதனையை யாரும் ‘ஃபெய்லியர்’ என்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் வைக்கும் பெயர் ஒரு தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லும். ‘ஃபெய்லியர்’ என்றால் பழுது என்று ஒப்புக்கொள்வது. மின்சாரம் போய் நின்றிருந்தால் அது பம்பின் பழுதல்ல. ‘ஸ்டாப்பேஜ்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறக்கட்டளை வரியில் ‘எ டிசிஷன் தட் அப்செட் தி வில்லேஜர்ஸ்’ என்று இருந்திருந்தால் நான் தவறியிருக்க மாட்டேன். ‘டிசிஷன்’ என்ற ஒரு சொல் என்னைத் திரும்பப் பெற்ற முடிவின் பக்கம் இழுத்துப் போயிருக்கும்.

மூன்றாவது, ‘விச்’சையே விட்டுவிட்டு எழுவாயை மாற்றுவது: ‘தி ரிப்போர்ட் வாஸ் டிலேய்ட் பிகாஸ் தி பம்ப் ஸ்டாப்ட் டியூரிங் தி செகண்ட் டெஸ்ட்’. இதில் எந்த ஐயமும் இல்லை. பொறுப்பை நிர்ணயிக்கும் ஆவணம், பாதுகாப்புக் குறிப்பு, ஒப்பந்தம் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன். ஆனால் அழுத்தம் மாறிவிடுகிறது. உங்கள் மூல வாக்கியத்தில் பம்ப் நின்றது முதன்மைச் செய்தி, தாமதம் அதன் பின்விளைவு. இதில் தாமதம் முன்னால் வந்துவிட்டது. அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

‘விச்’சை எடுத்துவிட்டு ‘திஸ்’ போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ‘தி பம்ப் ஸ்டாப்ட் டியூரிங் தி செகண்ட் டெஸ்ட். திஸ் டிலேய்ட் தி ரிப்போர்ட்’. ஓரளவு உதவும், பொதுவாக ஆங்கில வாசகர்கள் வாக்கியத் தொடக்கத்தில் வரும் ‘திஸ்’ஸை முன் சொன்ன நிகழ்ச்சிக்கே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ‘எது?’ என்ற கேள்வியை அது முழுவதும் அடைப்பதில்லை. ‘திஸ் ஸ்டாப்பேஜ்’ என்று ஒரு பெயரைச் சேர்த்தால்தான் அடைபடும். ‘விச்’ இருந்த இடத்தில் காற்புள்ளியை அப்படியே விட்டுவிட்டு ‘தட்’ போடுவது மட்டும் கூடவே கூடாது. ‘ஹி கேம் லேட், தட் அனாய்ட் மீ’ என்பது இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டியது; எழுத்தில் அதைப் பிழையாகவே கொள்வார்கள். ‘வாட்’ போடுவதும் பிழை. ஆனால் கருத்து பின்னால் வரும்போது, முன்கூட்டியே சுட்ட ‘வாட்’ வரும்: ‘வாட் இஸ் வர்ஸ், ஹி லைட்’. அதைவிட மோசம், அவன் பொய் சொன்னான் என்பது அது. திசை வேறு என்பதால் சொல்லும் வேறு.

இன்னொரு நல்ல கருவியையும் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலமே தந்திருப்பது. ‘விச்’சுக்குப் பின்னால் ஒரு பெயரை நேராகவே வைக்கலாம்: ‘இன் விச் கேஸ்’, ‘பை விச் டைம்’, ‘அட் விச் பாயின்ட்’. ‘தி பம்ப் மே ஸ்டாப் டியூரிங் தி டெஸ்ட், இன் விச் கேஸ் கால் தி இன்ஜினியர்’. அப்படி நேர்ந்தால் பொறியாளரை அழையுங்கள் என்பது பொருள். காற்புள்ளிக்கு முன்னால் ‘டெஸ்ட்’ என்ற பெயர் ஒட்டி நின்றும் ஐயம் எழவில்லை. ‘கேஸ்’ என்ற சொல் நிகழ்ச்சியை மட்டுமே குறிக்கும், சோதனையைக் குறிக்காது. இவற்றில் ‘விச்’ தனியாகச் சுட்டவில்லை. பக்கத்தில் நிற்கும் பெயர் அதற்குக் கைகாட்டுகிறது. இயந்திரக் கையேடுகளில் இந்த அமைப்பை நான் தயங்காமல் பயன்படுத்துவேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இனி ‘விச்’சே எழுத வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். ‘ஐ டோல்ட் ஹிம் டு ரெஸ்ட், விச் ஹி டிட்’ என்ற வரியில் எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! ஓய்வெடு என்றேன், எடுத்தான். ‘டிட்’ வருவதால் ‘விச்’ அந்தச் செயலை மட்டுமே பிடிக்க முடியும். இதைப் பிரித்து இரண்டு வாக்கியமாக எழுதினால் துள்ளல் போய்விடும். பேச்சில் இந்த அமைப்பு எந்நேரமும் புழங்குகிறது. பேசுபவர் காற்புள்ளி இருக்கும் இடத்தில் சற்று நிறுத்தி, மீதியைத் தனி மூச்சில் சொல்கிறார். ஐயம் வந்தால் கேட்பவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அந்த வசதி தாளுக்கு இல்லை என்பதால்தான் எழுத்தில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

ஆகவே மேலாளருக்கு விளக்கக் குறிப்பு எதுவும் எழுத வேண்டாம். பம்ப் நின்றதுதான் காரணம் என்றால் ‘டியூரிங் தி செகண்ட் டெஸ்ட்’டை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோய் அனுப்புங்கள். காரணம் இரண்டாவது சோதனையே என்றால் இடமாற்றம் உதவாது. ‘தி செகண்ட் டெஸ்ட் டிலேய்ட் தி ரிப்போர்ட்’ என்று நேராக எழுதிவிட்டு, பம்ப் நின்ற செய்தியை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளிவிடுங்கள்.